பேர் வைக்கக் காத்திருக்காதீர்கள்: பிறந்த குழந்தையை ஆபீஸ் மெடிக்ளெய்மில் சேர்ப்பது எப்படி

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் ஊழியர் சலுகைகளைக் கவனிக்கும் வேலை எனக்கு. மெடிக்ளெய்ம், கிராஜுவிட்டி, கிரெச் என்று எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். குழந்தை பிறந்த செய்தியோடு வரும் போன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிறந்த மறுநாளே வருவது. இன்னொன்று, ஒன்றரை மாதம் கழித்து, பர்த் சர்டிபிகேட் கையில் வந்த பிறகு வருவது. முதல் வகையில் பெரும்பாலும் எனக்குப் பத்து நிமிஷ வேலை. இரண்டாவது வகையில் நான் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கம்பெனி எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தனியாக நீங்களே எடுத்த பாலிசிக்கு விதிகள் வேறு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு வழியே வேறு.

கெடு எதற்காக இருக்கிறது

குழந்தை பிறந்ததைத் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்க ஒரு கெடு உண்டு, அது எத்தனை நாள் என்பது உங்கள் கம்பெனியின் பாலிசியில் எழுதியிருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் பிறந்த தேதியிலிருந்து 30 நாள். 15 நாள் என்று வைத்திருக்கும் பாலிசியும் உண்டு, 45 நாள் தருவதும் உண்டு. பக்கத்து கம்பெனியில் வேலை செய்யும் மச்சான் சொன்ன கணக்கை நம்பாதீர்கள். ஒரே இன்சூரன்ஸ் கம்பெனியாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் தனித்தனி.

இந்தக் கெடுவை ஹெச்.ஆரின் பிடிவாதம் என்று பலரும் நினைக்கிறார்கள். காரணம் வேறு. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் யாருடைய ரிஸ்க்கையும் ஏற்கக்கூடாது. வருஷ நடுவில் ஆட்கள் சேர்ந்தும் விலகியும் கொண்டிருப்பதால், நிறுவனம் இன்சூரரிடம் ஒரு முன்பணக் கணக்கு வைத்திருக்கும். சி.டி. பேலன்ஸ் என்போம். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கான பிரீமியம் அதிலிருந்து கழியும். பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு என்று ஒரு சலுகை இருந்தால், அது நாம் கெடுவுக்குள் தெரிவித்தால் மட்டுமே கிடைக்கிற சலுகை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் எல்லோரும் பெயரைத் தருவார்கள் என்றால் இன்சூரர் வியாபாரம் செய்ய முடியாது, அதனால்தான் இவ்வளவு கறார்.

நாட்களை எண்ணும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். ஜூன் 8 அன்று பிறந்த குழந்தைக்கு 30 நாள் கெடு ஜூலை 7 அன்று முடிகிறதா, 8 அன்று முடிகிறதா? பிறந்த நாளை ஒன்று என்று எண்ணினால் 7, மறுநாளிலிருந்து எண்ணினால் 8. இந்த விவாதத்துக்குள் நுழையவே வேண்டாத அளவுக்கு முன்னால் போய்விடுங்கள். தவிர, ஹெச்.ஆரிடமிருந்து இன்சூரருக்குப் பட்டியல் தினமும் போகாது. சில நிறுவனங்களில் மாதம் ஒருமுறைதான் போகும். 29ஆம் நாள் நீங்கள் தந்த பெயர் அந்த மாதப் பட்டியலைத் தவறவிட்டிருந்தால், இன்சூரர் பார்ப்பது நீங்கள் தந்த தேதியையா, பட்டியல் போய்ச் சேர்ந்த தேதியையா என்ற பஞ்சாயத்து தொடங்கும்.

பிரசவத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை

ஏழாம் மாதம், வளைகாப்பு நடக்கிற சமயத்தில், ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மேலே சொன்ன கெடு.

இரண்டாவது, குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, உண்டென்றால் எந்தத் தொகையிலிருந்து? நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. சில பாலிசிகளில் குழந்தையின் சிகிச்சைச் செலவு முழுக் குடும்பத் தொகையிலிருந்து, அதாவது 5 லட்சமோ 3 லட்சமோ, அதிலிருந்து கிடைக்கும். சிலவற்றில் பிரசவத்துக்கு ஒதுக்கிய தொகைக்குள்ளேயே குழந்தையின் செலவும் அடங்கிவிடும். பிரசவ வரம்பு 75 ஆயிரம் என்றால், சிசேரியனுக்கே அது தீர்ந்துபோகும். பிறகு குழந்தை இன்குபேட்டரில் இருக்கும் நாட்களுக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி இன்சூரரின் நெட்வொர்க்கில், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்கிறதா என்பது. நம் ஊர் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆபீஸ் பெங்களூரில் இருக்கும், பிரசவம் திண்டுக்கல்லில் நடக்கும். அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லையென்றால் கேஷ்லெஸ் கிடையாது, கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும். முன்பே தெரிந்தால் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். பிரசவ கிளெய்மை மனைவியின் கம்பெனி பாலிசியில் போட்டாலும் குழந்தை தானாக அதில் சேர்ந்துவிடாது. தாயின் சிகிச்சை ஒரு கிளெய்ம், குழந்தைக்குத் தனி அட்மிஷன் போட்டால் அது இன்னொரு கிளெய்ம். குழந்தையை யாருடைய பாலிசியில் சேர்க்கப் போகிறோம் என்பதை, யார் தொகை பெரியது, யார் பாலிசியில் முதல் நாள் பாதுகாப்பு இருக்கிறது என்று பார்த்து முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டிலும் அனுமதி இருந்தால் இரண்டிலும் சேர்க்கலாம்.

எந்தக் காகிதம் எப்போது

தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். குழந்தையைச் சேர்க்கப் பெயர் தேவையில்லை. கணினியில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மாவின் பெயரைச் சேர்த்தால் போதும், ஆஸ்பத்திரித் தொட்டிலில் கட்டியிருக்கும் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். குழந்தையின் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அம்மா அப்பா பெயர், உங்கள் ஊழியர் எண், இவை இருந்தால் சேர்க்கை தொடங்கிவிடும்.

ஆதாரமாக முதலில் கொடுக்கக் கூடியது ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த ஒரு பிறப்புக் கடிதம். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னாருக்கு இன்ன எடையில் ஆண் அல்லது பெண் குழந்தை பிறந்தது என்ற நாலு வரி. கேட்டால் அன்றைக்கே தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள். அடுத்தது தாயின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் குழந்தையின் விவரமும் இருக்கும். மூன்றாவதுதான் மாநகராட்சியோ நகராட்சியோ தரும் பிறப்புச் சான்றிதழ். சில இன்சூரர்கள் அதைப் பிறகு கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கவே முடியாது என்று உங்கள் ஹெச்.ஆர். சொன்னால், அது பாலிசி நிபந்தனையா, ஆபீஸ் வழக்கமா என்று மெயிலில் கேளுங்கள். பல இடங்களில் வெறும் வழக்கம்தான்.

சான்றிதழுக்கு ஏன் நாளாகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் தகவலைப் பதிவாளருக்கு அனுப்புவது ஆஸ்பத்திரியின் கடமை, சட்டப்படி அதற்கு 21 நாள் அவகாசம். பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரில், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. தமிழ்நாட்டில் கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது வாங்கிய பிக்மி எண்ணையும் கேட்பார்கள், அது இல்லாமல் இழுத்தடிக்கும். இதெல்லாம் முடிந்து சான்றிதழ் வரும்போது 30 நாளில் முக்கால்வாசி போயிருக்கும். பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜோசியர் எழுத்துச் சொல்லி, தாத்தா ஒரு பெயர், இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு பெயர் என்று வீட்டில் நடக்கும் சண்டைக்கும் இன்சூரன்ஸுக்கும் சம்பந்தமே வைக்காதீர்கள்.

காகிதத்தில் அதிகம் தொல்லை தருவது நம் இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ஆபீஸ் பதிவில் கணவரின் பெயர், ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் ரிசப்ஷனில் இருந்தவர் கேட்டு எழுதியது. மூன்றும் மூன்று ஆள்போல இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அசதியாக இருந்தாலும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பாலிசியில் தாயின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். கல்யாணமான பிறகு மனைவியையே இன்னும் பாலிசியில் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தையைச் சேர்ப்பதில் கூடுதல் கேள்விகள் வரும், அதைப் பிரசவத்துக்கு முன்பே சரிசெய்யப் பாருங்கள்.

சொல்லிவிட்டால் சேர்ந்ததாக அர்த்தமில்லை

கம்பெனி போர்ட்டலில் குழந்தையைச் சேர்க்கும் இடம் இருந்தால் அதில் போடுங்கள், அதோடு ஹெச்.ஆருக்கு மெயிலும் அனுப்புங்கள். போர்ட்டலில் மட்டும் போட்டால், பிறகு தேதிக்கு ஆதாரம் காட்டுவது கஷ்டம். மெயிலில் குழந்தை பிறந்த தேதி, பாலினம், தாயின் பெயர், ஊழியர் எண், ‘பிறந்த தேதியிலிருந்து சேர்க்கவும்’ என்ற ஒரு வரி, இணைப்பாகப் பிறப்புக் கடிதம். குழந்தை இப்போது அட்மிஷனில் இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மாதப் பட்டியலுக்குக் காத்திருக்காமல் அவசரமாக அனுப்ப எங்களுக்கு அந்த வரிதான் உதவும்.

அதன் பிறகு உங்கள் தகவல் நாலு கை மாறுகிறது. ஹெச்.ஆர். புரோக்கருக்கு அனுப்புவார். புரோக்கர் இன்சூரருக்கு அனுப்புவார். இன்சூரர் சி.டி. பேலன்ஸில் பணம் இருக்கிறதா என்று பார்த்து எண்டார்ஸ்மென்ட் போடுவார், அதாவது பாலிசியில் இவரும் சேர்ந்தார் என்ற திருத்த ஆவணம். கடைசியாக, இன்சூரருக்காகக் கிளெய்ம் வேலையைக் கவனிக்கும் டி.பி.ஏ. தன் கணினியில் ஏற்றி இ-கார்டு உருவாக்குவார். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் தெரிவது இந்தக் கடைசிப் படி மட்டுமே. ‘நோட்டட், வில் பி அப்டேட்டட்’ என்று ஹெச்.ஆர். பதில் போட்டது முதல் படிகூட முடிந்ததற்கு அடையாளமில்லை. சி.டி. பேலன்ஸ் தீர்ந்துபோய் ஒரு வாரம் எண்டார்ஸ்மென்ட் நின்றுகிடந்த கதை எங்கள் நிறுவனத்திலேயே உண்டு. நிதிப் பிரிவில் ஒருவர் லீவில் போயிருந்தார்.

ஆகவே மெயில் அனுப்பிப் பத்து நாளில் குழந்தையின் இ-கார்டு வரவில்லையென்றால் கேளுங்கள். வந்தால் அதில் மூன்றைப் பாருங்கள்: பிறந்த தேதி சரியா, பாலினம் சரியா, பாதுகாப்பு தொடங்கும் தேதி பிறந்த தேதிதானா. தேதியும் மாதமும் இடம் மாறிப் பதிவாவது சாதாரணமாக நடக்கும். ஜூன் 8 ஆகஸ்ட் 6 ஆகிவிட்டால், ஜூனில் நடந்த சிகிச்சைக்கு உங்கள் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை.

ஒரு கேஸ், தேதி வாரியாக

எங்கள் டெஸ்டிங் டீமில் ஒரு தம்பி. பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, குடும்பத்துக்கு 5 லட்சம், முதல் நாள் பாதுகாப்பு முழுத்தொகையிலிருந்து. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, 34 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூச்சுத் திணறல், நேரே பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன். “அக்கா, கவுண்டர்ல பேபி பேரு சிஸ்டத்துல இல்லன்னு சொல்றாங்க, ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க.” இருக்காது, பிறந்தே பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பிறப்புக் கடிதம் வாங்கி மொபைலில் படமெடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றான். போதாது, தேதியும் நேரமும் ஆபீஸ் மெயிலில் பதிவாக வேண்டும். பதினொரு மணிக்கு மெயில் வந்தது. குழந்தை ஐ.சி.யு.வில் இருக்கிறது என்று குறித்துப் புரோக்கருக்கும் டி.பி.ஏ.வுக்கும் சேர்த்து அனுப்பினேன். அதே மெயிலிலேயே குழந்தையின் அட்மிஷனைத் தெரிவித்ததாகவும் எழுதினேன். அவசர அட்மிஷனை எங்கள் பாலிசிப்படி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அதையும் மறந்துவிட்டால் இன்னொரு தடை.

எண்டார்ஸ்மென்ட் 12ஆம் தேதி வந்தது. 13ஆம் தேதி டி.பி.ஏ. கணினியில் குழந்தை தெரிந்தது, அன்று மாலையே கேஷ்லெஸ்ஸுக்கு முதல் அனுமதி. இடைப்பட்ட நாலு நாளைக்கு அந்தத் தம்பி 50 ஆயிரம் கட்ட வேண்டியிருந்தது, டிஸ்சார்ஜின்போது அதில் ஒரு பகுதி திரும்ப வந்தது. 17ஆம் தேதி வீட்டுக்குப் போனார்கள். குழந்தையின் பில் 1,86,000. டயப்பர், கையுறை, ரெஜிஸ்ட்ரேஷன் என்று பாலிசி தராத வகையில் 11,400 அவன் கையிலிருந்து போனது, மீதி 1,74,600 இன்சூரர் கட்டினார். தாயின் பிரசவச் செலவு இதில் சேராது, அது தனி கிளெய்மாகப் போனது.

இதற்கு நிறுவனம் கட்டிய பிரீமியத்தையும் சொல்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு குழந்தைக்கு வருஷம் 7,300 ரூபாய், நாளுக்கு 20. ஜூன் 8 முதல் மார்ச் 31 வரை 297 நாள், ஆக 5,940 ரூபாய், வரி தனி. சில நிறுவனங்கள் குழந்தைக்கான இந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடிப்பதும் உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டும் பாலிசியாக இருந்தால் கூடுதலாக எதுவும் இருக்காது.

அதே வருஷம் இன்னொருவர். குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது, அதனால் அவசரம் தெரியவில்லை. பேர் சூட்டு விழா நடத்தி, பேரோடு சர்டிபிகேட் வாங்கி, 43ஆம் நாள் அழகாக ஸ்கேன் செய்து அனுப்பினார். புரோக்கரிடம் பேசினேன், இன்சூரரிடம் சிறப்பு அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். நவம்பரில் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் சளி அடைத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. முழுதும் அவர் பணம். ஏப்ரலில் பாலிசி புதுப்பித்தபோதுதான் குழந்தை உள்ளே வந்தது.

கெடு தவறிவிட்டால்

முதலில் தவறியது யாரால் என்று பாருங்கள். நீங்கள் கெடுவுக்குள் மெயில் அனுப்பி, ஹெச்.ஆர். பட்டியலில் சேர்க்க விட்டிருந்தால், அந்த மெயிலைக் காட்டி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் தவறு என்றால் இன்சூரரிடம் விளக்கக் கடிதம் கொடுத்துப் பிறந்த தேதியிலிருந்தே சேர்க்கச் சொல்ல முடியும். பெரிய வாடிக்கையாளராக இருந்தால் இன்சூரர் இறங்கி வருவதும் உண்டு. நீங்களே தாமதம் என்றால் அடுத்த புதுப்பித்தல்தான். அதுவரைக்கும் வாழ்க்கைத் துணையின் கம்பெனி பாலிசியில் கெடு இன்னும் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். 30 நாளை இங்கே தவறவிட்டவருக்கு அங்கே 45 நாளாக இருந்து தப்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எண்டார்ஸ்மென்ட் போட்ட பிறகும் கிளெய்மை மறுத்தால் அது இன்சூரர்மீதான புகார். முதலில் இன்சூரரின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். குழு காப்பீட்டுப் புகாரையும் அவர்கள் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் ஹெச்.ஆர். அனுப்ப மறந்ததற்கு ஓம்புட்ஸ்மனிடம் போய்ப் பயனில்லை. அவர் விசாரிப்பது இன்சூரன்ஸ் தரப்பை மட்டும்தான், உங்கள் கம்பெனியை அல்ல.

பேர் வைத்த பிறகு

‘பேபி ஆஃப்’ என்று சேர்த்த குழந்தைக்குப் பெயர் வைத்ததும், சான்றிதழில் பெயர் ஏறியதும், பாலிசியிலும் மாற்றச் சொல்லி இன்னொரு மெயில் போடுங்கள். இதற்குக் கெடு நெருக்கடி இல்லை. ஆனால் ஒரு வயதில் காய்ச்சலுக்கு அட்மிட் ஆகும்போது ஆஸ்பத்திரி ரெக்கார்டில் ஒரு பெயர், இ-கார்டில் ‘பேபி ஆஃப்’ என்று இருந்தால், கவுண்டரில் இருப்பவருக்கு அது வேறு குழந்தை.

பாலிசி புதுப்பிக்கும் மாதத்தில் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து, புது வருஷப் பட்டியலில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். புது இன்சூரருக்கு மாறும் வருஷங்களில் பழைய பட்டியலையே அனுப்பி, நடுவில் சேர்ந்த குழந்தைகளை விட்டுவிடுவதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். நாலு குழந்தைகள். ஒரு அப்பா ஏப்ரல் 3ஆம் தேதி இ-கார்டைத் தேடிப் பார்த்து மெயில் போட்டதால்தான் மற்ற மூன்றும் அகப்பட்டன.